ஐந்து பேர் செய்யும் கேம் பிராஜெக்டில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், புதுச்சேரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். பிச்சாவரம் மாதிரி இடத்தில் படகில் பயணிகளை ஏற்றி, நீர் வற்றுவதற்குள் கரை சேர்க்கும் 2டி கேம், கோடோ என்ற கேம் இன்ஜினில் செய்கிறோம். ஆறு வாரம் போச்சு, பத்து வாரம் இருக்கு. வாராவாரம் ஒரு புது ஐடியா வருது (மீன் கடை, மழை-புயல், ரெண்டு பேர் சேர்ந்து ஆடுவது, பறவையை போட்டோ எடுப்பது). எல்லாமே நல்லாதான் இருக்கு. ஆனா கோடிங் பண்ற ரெண்டு பேர்தான் வேலை செய்யறோம். ஒருத்தர் படம் வரைகிறார், மத்த ரெண்டு பேருக்கு என்ன கொடுப்பதுன்னே தெரியல. ட்ரெல்லோவில் வேலைப் பலகை போட்டோம், யாரும் பார்ப்பதில்லை. வேலையை எப்படிப் பிரிப்பது, எதை விடுவது?

ஐடியா குவிவதும் ரெண்டு பேர் மட்டும் வேலை செய்வதும் தனித்தனிப் பிரச்சினையாக உங்களுக்குத் தெரிகிறது. எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகிறது. உங்கள் கேமில் எந்த வேலையும் கோடிங் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்த வழியில் இருவர் நிற்கிறார்கள், மற்ற மூவரும் அவர்கள் முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். காத்திருப்பவர் கேமைப் பற்றி யோசிப்பார், யோசித்தால் ஐடியா வரும், அந்த ஐடியாவைச் செய்யவேண்டியவர் மறுபடி அதே இருவர். அவர்கள் இன்னும் பின்தங்க, மற்றவர்கள் இன்னும் அதிகமாகக் காத்திருப்பார்கள். இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டு குழுவுக்குள் சண்டை போட்டால் சுழல் அப்படியே இருக்கும், நட்புதான் போகும். பல வருடம் கேம் நிறுவனங்களில் தயாரிப்புப் பொறுப்பில் இருந்துவிட்டு, இப்போது புதுச்சேரி, கடலூர் பக்கம் மாணவர் குழுக்களுக்கு உதவி வருகிறேன். ஸ்கோப் க்ரீப் என்று சொல்லப்படும் இந்த வீக்கம், ஆசை அதிகமானதால் வந்ததை விட, ஆசைக்கு என்ன விலை என்று யாரும் கணக்குப் பார்க்காததால் வந்ததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். பத்து வாரம் என்கிறீர்கள். அதில் ஒரு வாரம் இன்டர்னல் தேர்வு தின்றுவிடும். இன்னொரு வாரத்தை தீபாவளிக்கும் மழைக்கும் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். நம் பக்கத்தில் நவம்பரை நம்பித் திட்டம் போட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒன்று வந்தால் கல்லூரி மட்டுமா போகும், கரண்ட்டும் நெட்டும் போகும். கடைசி இரண்டு வாரம் புதிதாக எதுவும் செய்யாமல் பிழை திருத்தவும் ரெக்கார்டு எழுதவும் வேண்டும். மிச்சம் ஆறு வாரம். மற்ற பாடங்களும் லேபும் இருக்க, ஒருவர் வாரத்துக்கு உண்மையாகக் கொடுக்கக்கூடியது ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு 180 மணி. இதைப் பார்த்தால் தாராளமாகத் தெரியும், இங்கேதான் எல்லாக் குழுவும் ஏமாறுகிறது. கோடிங் தெரிந்தவர் இருவர்தானே? அவர்கள் கையில் இருப்பது 72 மணி. உங்கள் கேமின் உண்மையான கொள்ளளவு அந்த 72தான். 180 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

இப்போது அந்த 72 மணிக்குள் என்ன அடங்கும் என்று பார்ப்போம். நீங்கள் சொன்ன கேமின் உயிர் எதுவோ அதை மட்டும் எடுக்கிறேன்: படகை ஓட்டுவது, சுரபுன்னை வேர்களில் மோதினால் வேகம் குறைவது, பயணியை ஏற்றி இறக்குவது, நீர் வற்ற வற்றக் கால்வாய் குறுகுவது. இவற்றோடு தவிர்க்கவே முடியாத சில வேலைகளும் உண்டு. தொடக்கத் திரை, வெற்றி-தோல்வித் திரை, லெவல் மாறுவது, ஒலியைச் சேர்ப்பது, எல்லோர் வேலையையும் ஒன்றாக்கி ஓடும் கேமாக வெளியே எடுப்பது. மணிக்கணக்கு என் ஊகம், நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். படகு ஓட்டம் 8, மோதல் 4, பயணி 10, நீர்மட்டம் 8, திரைகள் 6, லெவல் மாற்றம் 4, ஒலி 4, ஒன்றுசேர்ப்பது 8. மொத்தம் 52. 72-இல் 52 போனால் 20 மிச்சம், அதில் மீன் கடை வைக்கலாமே என்று உடனே தோன்றும். ஆனால் கோடிங்கில் நாம் சொல்லும் மணிக்குள் எந்த வேலையும் முடிவதில்லை. புதியவர்களுக்கு நான் போடும் பெருக்கு எண் ஒன்றரை. 52-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 78. ஒரு ஐடியாவும் சேர்க்காமலே நீங்கள் ஆறு மணி நேரம் கடனில் இருக்கிறீர்கள்.

ஒன்றரை என்பது என் அனுபவத்தில் வந்த கைக்கணக்கு, விதி கிடையாது. உங்கள் குழுவுக்கு 1.2 ஆகவும் இருக்கலாம், 2 ஆகவும் இருக்கலாம். கண்டுபிடிப்பது எளிது. அடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு வேலையையும் தொடங்கும்முன் எத்தனை மணி ஆகும் என்று எழுதுங்கள், முடித்ததும் உண்மையில் எத்தனை ஆனது என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாவது கூட்டுத்தொகையை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எண். அதன்பிறகு என் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

சரி, ஆறு மணிக் கடனை எப்படி அடைப்பது? மூன்று லெவல் வைப்பதாக இருந்தால் அதை இரண்டாக்கலாம் என்று முதலில் தோன்றும். அது உதவாது. லெவல் குறைந்தால் வரைபவர் நேரமும் லெவல் அமைப்பவர் நேரமும்தான் மிச்சமாகும், கோடிங் நேரம் அப்படியே இருக்கும், ஏனென்றால் இரண்டு லெவலாக இருந்தாலும் மாறுவதற்கான கோடு ஒன்றுதான். எதை வெட்டினாலும் அது யாருடைய மணியை மிச்சப்படுத்துகிறது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் வெட்டவே வேண்டாம், ஒரு வேலையைக் கை மாற்றினால் போதும். ஒலியைச் சேர்ப்பதை வேலை இல்லாமல் இருக்கும் இருவரில் ஒருவருக்குக் கொடுங்கள். கோடோவில் AudioStreamPlayer என்ற நோடைச் சேர்ப்பதும், ஒலிக் கோப்பை அதில் போடுவதும், மோதல் நடந்ததும் அதை ஒலிக்கவைப்பதும் ஒரு மாலையில் சொல்லிக்கொடுக்கக்கூடிய வேலை. நான்கு மணியை ஒன்றரையால் பெருக்கினால் ஆறு. கடன் தீர்ந்தது, கணக்கு 72-இல் வந்து நிற்கிறது.

இதே அளவுகோலில் உங்கள் ஐடியாக்களைப் பாருங்கள். மீன் கடை என்றால் காசு, சரக்கு, வாங்கும் திரை, சேமித்து வைப்பது எல்லாம் வரும், 14 மணிக்குக் குறையாது. மழை-புயல், வெறும் காட்சியாக இருந்தால் பரவாயில்லை, படகைத் தள்ளும் காற்றாக இருந்தால் 12. பறவை போட்டோ 10. ரெண்டு பேர் ஆடுவது, ஒரே கீபோர்டில் என்றாலும் 30. கூட்டினால் 66, ஒன்றரையால் பெருக்கினால் 99. உங்களிடம் இருக்கும் மொத்த கோடிங் நேரத்தையும் விட அதிகம். ஒவ்வொரு ஐடியாவும் தனியாகச் சின்னதாகத் தெரிந்ததால்தான் எல்லாமே நன்றாக இருந்தது.

ரெண்டு பேர் ஆடுவதைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதை ஓர் அம்சம் என்று நினைப்பதே தவறு. உங்கள் கோடு முழுவதும் படகு ஒன்றுதான் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டிருக்கும். கேமரா அந்த ஒரு படகைப் பின்தொடரும், பயணி அந்த ஒரு படகில் ஏறுவார், தோல்வி என்றால் அந்த ஒரு படகு சிக்கிக்கொண்டது. இரண்டாவது படகு வந்ததும் எல்லா இடத்திலும் எந்தப் படகு என்று கேட்டுத் திருத்தவேண்டும். நெட்வொர்க் வழியாக என்றால் இரண்டு கணினியிலும் ஒரே நிலை இருக்கிறதா என்று பார்ப்பதே தனி பிராஜெக்ட். முதல் வாரத்தில் முடிவெடுத்திருந்தால் செய்யலாம். ஏழாவது வாரத்தில் சேர்ப்பது பாதி கேமைத் திரும்ப எழுதுவது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, விட்டுவிடுங்கள்.

மீன் கடையும் பறவையும் அப்படி இல்லை, அவற்றைத் தடை செய்யத் தேவையில்லை. ஒரு தனிப் பட்டியலில் எழுதி வையுங்கள், ஐடியா சொன்னவர் பெயரோடு. வாரக் கூட்டத்தில் அதில் ஒன்றை உள்ளே எடுக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் இரண்டு விஷயத்துக்குப் பதில் சொல்லவேண்டும்: அதே அளவு கோடிங் மணிக்கு எது வெளியே போகிறது? அதைச் செய்யப்போகிறவர் ஒத்துக்கொண்டாரா? இரண்டாவதற்கான பதில் அந்த ஆளின் வாயிலிருந்தே வரவேண்டும், பக்கத்தில் இருப்பவர் அவருக்காகத் தலையாட்டக்கூடாது. பறவை போட்டோ 15 மணி, நீர்மட்டமும் படகு மோதலும் சேர்ந்தால் 18 மணி. பறவைக்காக அந்த இரண்டையும் விடலாமா என்று ஒரு முறை எதிரெதிராக வைத்துப் பார்த்தால் அநேகமாக யாரும் வாதாட மாட்டார்கள். நீர் வற்றாத, வேரில் மோதாத கேம் உங்கள் கேமாகவே இருக்காதே. பதினோராவது வாரத்துக்குப் பிறகு இந்த மாற்றுக்கும் இடமில்லை என்று இப்போதே எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள்.

வெளியே தெரிந்து வரும் ஐடியாவை இப்படிப் பிடித்துவிடலாம். சத்தமில்லாமல் ஒரு வேலைக்குள்ளேயே நடக்கும் வீக்கம்தான் ஆபத்து. பயணி ஏறி இறங்குவது என்று தொடங்கியது, அவருக்கு முகபாவம், அவசரம், டிப்ஸ், இரண்டு வரி வசனம் என்று வளரும். கோடிங் செய்பவர் எதிர்காலத்துக்கு உதவும் என்று எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஒரு அமைப்பை எழுத ஆரம்பிப்பார். வரைபவர் அதே படகை மூன்றாவது முறை வரைவார். இவர்கள் எல்லோரும் உழைக்கிறார்கள், அதனால் யாருக்கும் தப்பாகத் தெரியாது. கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று, 90 சதவீதம் முடிந்துவிட்டது என்ற பதில் அடுத்தடுத்த இரண்டு கூட்டங்களில் வருவது. இன்னொன்று, எல்லோரும் வேலை செய்திருக்க, இந்த வாரக் கேமும் போன வாரக் கேமும் ஆடும்போது ஒரே மாதிரி இருப்பது.

அதைத் தடுக்க வேலையைச் சின்னதாக எழுதவேண்டும். ட்ரெல்லோவை யாரும் பார்க்காததற்கும் காரணம் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் அட்டைகளில் ‘படகு’, ‘லெவல் டிசைன்’, ‘சவுண்ட்’ என்று எழுதியிருப்பீர்கள். அப்படி ஒரு அட்டை இரண்டு மாதம் ஒரே கட்டத்தில் கிடக்கும், கிடப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்? அதற்குப் பதிலாக ‘படகு வேரில் மோதினால் வேகம் பாதியாகும்’ என்று எழுதுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் உட்கார்ந்தால் முடியக்கூடியதாக இருக்கவேண்டும். முடிந்ததா என்று கேமை ஆடிப் பார்த்தே சொல்லிவிடலாம், செய்தவரைக் கேட்கத் தேவையில்லை. ஒருவர் கையில் ஒரு நேரத்தில் ஒரே அட்டை. என் லேப்டாப்பில் முடிந்துவிட்டது என்பதை முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பொதுவான கிட் களஞ்சியத்தின் முதன்மைக் கிளையில் சேர்ந்து, வேறொருவர் கணினியில் ஓடினால்தான் கணக்கு. பலகை ட்ரெல்லோவில் இருந்தாலும் சரி, ஹாஸ்டல் சுவரில் ஒட்டிய சார்ட்டில் இருந்தாலும் சரி, எனக்கு வித்தியாசமில்லை. உங்களில் யாராவது கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர் என்றால் போனில் பார்க்கக்கூடியதாக இருப்பது நல்லது. வாட்ஸ்ஆப் குழுவில் பேசுங்கள், ஆனால் அங்கே பேசியது அட்டையில் ஏறும்வரை முடிவாகாது. இரவு 11 மணி வாய்ஸ் மெசேஜில் ஒத்துக்கொண்ட மீன் கடைதான் அடுத்த வாரம் குழுவைப் பிரிக்கும்.

பொறுப்புகளுக்கு வருகிறேன். ஐந்து பேருக்கும் பட்டம் கொடுக்கவேண்டாம். ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருந்தால் யார் சொல்வது நிற்கும் என்று மட்டும் தெரிந்தால் போதும். படகு எப்படி நகர்கிறது, விதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது முதல் கோடிங் ஆள். எல்லோர் வேலையையும் ஒன்றாக்குவது, வாராவாரம் ஓடும் பில்டு எடுப்பது, திரைகள், இவை இரண்டாவது கோடிங் ஆள். எப்படித் தெரிகிறது என்பது வரைபவர். லெவல்களும் கஷ்டமா சுலபமா என்ற அளவும் நான்காமவர். ஒலி, வெளியாட்களை வைத்து ஆடவைத்துப் பார்ப்பது, ரெக்கார்டு ஆகியவை ஐந்தாமவர்.

மணிக்கணக்கையும் ஐடியாப் பட்டியலையும் காக்கிறவர், அதாவது வேண்டாம் என்று சொல்கிறவர், யாராக இருக்கவேண்டும்? நன்றாகக் கோடிங் தெரிந்தவரைத் தலைவராக்குவது வழக்கம். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் நேரம்தான் குழுவிலேயே விலை அதிகமானது, அதைக் கூட்டத்திலும் நினைவூட்டலிலும் செலவழிக்கக்கூடாது. தவிர, தொழில்நுட்பமாக ருசியான ஒரு ஐடியா வந்தால் முதலில் சரி சொல்கிறவரும் பெரும்பாலும் அவரே. என் தேர்வு லெவல் அமைப்பவர். படகு, படம், ஒலி, பயணி எல்லாம் ஒன்றுசேரும் இடம் லெவல்தான், எது வரவில்லை என்பது அவருக்கே முதலில் தெரியும். ஆனால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. நண்பர்களிடம் முகம் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தயங்குகிற ஆள் அவர் என்றால் ஐந்தாமவரிடம் கொடுங்கள். உங்கள் ஐந்து பேரை உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது முக்கியம்: கோடிங்குக்காகக் காத்திருக்காமல் மூவரும் இன்றைக்கே தொடங்க வழி செய்யவேண்டும். முதலில் அளவுகளையும் கோப்புப் பெயர்களையும் ஒப்பந்தம் போலப் பேசி முடியுங்கள். தரை, நீர் கட்டங்கள் 32 பிக்ஸல் சதுரம், படகு 64-க்கு 32, கோப்பின் பெயர் boat.png, எல்லாமே சிறிய எழுத்து. கோடிங் ஆள் அந்தப் பெயரில் ஒரு பழுப்புச் செவ்வகத்தைப் போட்டு வேலையைத் தொடங்குவார். வரைபவர் படம் முடிந்ததும் அதே பெயரில் மாற்றி வைப்பார், இருவரும் ஒருவருக்காக ஒருவர் நிற்கத் தேவையில்லை. லெவல் ஆள் சாம்பல் நிறக் கட்டங்களிலேயே மூன்று லெவலையும் அடுக்கி முடிக்கலாம். அப்படி அடுக்கும்போதே கால்வாய் எவ்வளவு குறுகலானால் ஆட முடியவில்லை என்பது தெரிந்துவிடும், படம் வரைந்தபின் தெரிந்தால் இருவர் வேலை வீண். கேமின் எண்களைக் கோடிங் செய்யும் இருவரும் கோடுக்குள் புதைக்காமல் வெளியே எடுத்து வைக்கட்டும்:

```gdscript
@export var row_force: float = 220.0
@export var root_slowdown: float = 0.5
@export var tide_seconds: float = 90.0
```

இப்படி எழுதினால் இவை கோடோவின் இன்ஸ்பெக்டர் பலகத்தில் எண்களாகத் தெரியும். படகு வேகமும் நீர் வற்றும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று கோடிங்கே தெரியாத ஐந்தாமவர் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கேமின் ருசியைத் தீர்மானிக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான், அது 72 மணியில் ஒரு மணியைக்கூடத் தொடாது. என்ன கொடுப்பது என்று தெரியாமல் இருந்த இருவருக்கும் இதோ வேலை கிடைத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் வரும். கோடோவின் சீன் கோப்பு, அதாவது .tscn, வெறும் எழுத்துக் கோப்புதான், கிட் அதைப் படிக்கும். ஆனாலும் ஒரே சீனை இருவர் ஒரே நாளில் திருத்தினால் மெர்ஜ் செய்யும்போது மோதும், அதைக் கையால் தீர்ப்பது புதியவர்களுக்குக் கஷ்டம். எனவே ஒவ்வொரு சீனுக்கும் ஒரே சொந்தக்காரர் என்று வையுங்கள். படகு ஒரு சீன், பயணி ஒரு சீன், ஒவ்வொரு லெவலும் ஒரு சீன். எல்லாவற்றையும் உள்ளே வைத்திருக்கும் முதன்மை சீனை ஒன்றுசேர்க்கும் ஆள் மட்டும் தொடட்டும். வேலைப் பிரிவும் கோப்புப் பிரிவும் ஒன்றாக இருந்தால் சண்டைகளில் பாதி எழவே எழாது.

வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளி மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள், கேமை முழுதாக வெளியே எடுத்து லேப் கணினி ஒன்றில் ஓடவிடுங்கள். எடுத்த நிலையை முத்திரை குத்தி வைக்க இரண்டு கட்டளை போதும்:

```
git tag -a week07 -m "வாரம் 7 பில்டு"
git push origin week07
```

லேப் கணினி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடோ 4-இல் புது பிராஜெக்டுக்கு வழக்கமாக வரும் Forward+ முறைக்கு வல்கன் போன்ற புதிய கிராபிக்ஸ் ஆதரவு வேண்டும், பழைய லேப் கணினிகளில் அது இல்லாமல் கேம் திறக்காமல் போகலாம். 2டி கேமுக்கு Compatibility முறை போதும், அது ஓபன்ஜிஎல்லில் ஓடும், இப்போதே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, விண்டோஸில் எடிட்டருக்குள் Boat.png என்று எழுதியும் boat.png திறந்துவிடும், வெளியே எடுத்த கேமில் அது கிடைக்காது என்று பிழை வரும். சிறிய எழுத்து என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இந்த இரண்டும் வைவா நாளில் தெரியவந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏழாவது வாரத்தில் தெரியவந்தால் ஒரு மணி நேர வேலை.

வாரக் கூட்டத்தையும் அந்தக் கேமின் முன்னாலேயே நடத்துங்கள், அரை மணி போதும். முதலில் கோடிங் செய்யாத ஒருவர் ஆடட்டும், மற்றவர்கள் பேசாமல் பார்க்கட்டும். அப்புறம் முடிந்த அட்டைகளை நகர்த்துங்கள், மிச்சமிருக்கும் கோடிங் மணியைக் கழித்து எழுதுங்கள், ஒவ்வொருவரும் அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடியாப் பட்டியலைக் கடைசியில்தான் திறக்கவேண்டும். முதலில் திறந்தால் அரை மணியும் அதிலேயே போய்விடும்.

ரிவ்யூவில் சாரோ மேடமோ இதில் லாகின் இல்லையா, மெஷின் லேர்னிங் ஏதாவது சேர்க்கலாமே என்று சொல்வது நடக்கும். குழுவுக்குள் வரும் ஐடியாவை விட இதை மறுப்பது கடினம், மதிப்பெண் அவர்கள் கையில். அங்கேயே சரி சார் என்று சொல்லிவிட்டு வராதீர்கள். மணிக்கணக்குத் தாளைக் காட்டி, இதைச் சேர்த்தால் எதை எடுக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் சார் என்று பணிவாகக் கேளுங்கள். கணக்கோடு வரும் மாணவரைப் பெரும்பாலான ஆசிரியர்கள் மதிப்பார்கள். அவர்கள் உண்மையில் எதிர்பார்ப்பது என்ன என்றும் கேட்டுப் பாருங்கள். டேட்டா சேமிப்பு எங்கே என்பதுதான் குறை என்றால் அதிகபட்ச ஸ்கோரை ஒரு கோப்பில் எழுதி வைப்பது இரண்டு மணி வேலை, லாகின் தேவையே இல்லை. பாடத்திட்டத்திலேயே கட்டாயம் என்று இருந்தால் மட்டும் பேச்சில்லை, கணக்கில் ஏற்றி வேறொன்றை எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வேலை செய்யவில்லை என்றால் அப்போது அவர் காத்திருக்கவில்லை என்பது தெளிவாகும். அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. வேறு யாரையும் நம்பாத, இரண்டு மணியில் முடியக்கூடிய ஓர் அட்டையை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு தகவலும் இல்லாமல் இரண்டு வாரம் அது முடியவில்லை என்றால், அவரோடு நெருக்கமானவர் ஒருவர் தனியாகப் பேசவேண்டும், குழுவில் வைத்துக் கேட்கக்கூடாது. வீட்டில் பிரச்சினை, பகுதிநேர வேலை, அரியர் என்று காரணம் வேறாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அவர் தாமதித்தாலும் யாரும் நிற்காத வேலையைக் கொடுங்கள், ரெக்கார்டு, ஒலி தேடுவது போல. விருப்பமே இல்லை என்றால் அவர் மணியைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு நால்வருக்கான திட்டம் போடுங்கள், கைடிடம் பன்னிரண்டாவது வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். யார் எவ்வளவு செய்தார் என்பதற்குக் கிட் கமிட் எண்ணிக்கையைச் சாட்சியாகக் காட்டாதீர்கள். படமும் ஒலியும் சோதனையும் அதில் சரியாகத் தெரியாது. முடிந்த அட்டைகளின் பட்டியல் நியாயமாக இருக்கும்.

உறுதியாகச் சொல்ல முடியாதது ஒன்று பாக்கி இருக்கிறது: இந்த ஆறு வாரத்தில் நீங்கள் எழுதிய கோடு எந்த நிலையில் இருக்கிறது என்பது. படகு ஓட்டமே இன்னும் நிலையாக இல்லை என்றால் மேலே போட்ட கணக்கில் லெவல் மாற்றத்தையும் விட்டு, ஒரே லெவலை நன்றாகச் செய்து முடிக்கவேண்டியிருக்கும். அதை இந்த வெள்ளிக்கிழமை பில்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்: முன்பின் தெரியாத ஒருவர் விளக்கம் கேட்காமல் ஒரு பயணியை ஏற்றிக் கரை சேர்த்தால் மூன்று லெவல், அதுவரை போக முடியவில்லை என்றால் ஒன்று. விட்ட ஐடியாக்களின் பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள். ரெக்கார்டில் எதிர்கால மேம்பாடுகள் என்று ஓர் அத்தியாயம் கேட்பார்களே, மணிக்கணக்கோடும் சொன்னவர் பெயரோடும் அது அப்படியே அங்கே போகும்.